மீட்கப்பட்ட முகமும் மாறிப்போன ஆளும்

தெமியாங்கிலும் சிரம்பானைச் சுற்றிய பழைய தோட்டங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரே ஒரு குழுப்படந்தான் எஞ்சியிருக்கும். கோயில் திருவிழாவின்போதோ, புதிய துரை வந்தபோதோ, தோட்டப் பள்ளி திறக்கப்பட்டபோதோ எடுத்த படம் அது. முன்வரிசையில் கிராணிகளும் கங்காணிகளும் நாற்காலியில் அமர்ந்திருப்பர். பின்னால் பால்வெட்டுத் தொழிலாளர் தோளோடு தோள் நெருங்கி நிற்பர். அவர்களுள் ஒருவர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, திரும்பாமலே போனவராக இருக்கலாம். மலாயாவில் படத்தோடு கூடிய அடையாள அட்டை அவசரகாலத்தில், 1948இல்தான் வந்தது. அதற்கு முன்பே மறைந்தவருக்கு அந்தக் குழுப்படத்தில் உள்ள கடுகளவு முகத்தைத் தவிர வேறு உருவச் சான்று இல்லை.

இப்போது அவருடைய பேரப்பிள்ளை அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து, முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலி ஒன்றில் இடுகிறார். சில நொடிகளில் இமைமயிர் தெரியும் அளவுக்குக் கூர்மையான முகம் ஒன்று வருகிறது. குடும்பம் மகிழ்ந்துபோகிறது, அந்த முகம் சட்டமிடப்பட்டுச் சுவரில் ஏறுகிறது. ஆனால் அது அவருடைய முகந்தானா என்று எவரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது அவருடைய முகமாக இருப்பதில்லை என்பதையும், ஏன் அவ்வாறு ஆகிறது, எந்த அளவுக்கு அதைக் கட்டுப்படுத்தலாம் என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பதினாறுக்குப் பதினாறு

இச்சிக்கல் உலகத்தின் கண்ணில் பட்டது 2020ஆம் ஆண்டில். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'பல்ஸ்' என்னும் முறையை வெளியிட்டிருந்தனர். பதினாறுக்குப் பதினாறு படப்புள்ளிகள் கொண்ட மிகச் சிறிய முகப்படத்தைக் கொடுத்தால், ஆயிரத்து இருபத்து நான்குக்கு ஆயிரத்து இருபத்து நான்கு புள்ளிகள் கொண்ட தெளிவான முகத்தை அது தரும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஒருவர், முன்னாள் அமெரிக்க அதிபர் பராக் ஒபாமாவின் படத்தைச் சிறிதாக்கி அதில் இட்டார். வெளிவந்தது ஒரு வெள்ளைக்காரரின் முகம். மங்கலான அச்சிறு படத்தைப் பார்த்த எவருக்கும் அது ஒபாமா என்று தெரிந்தது; கணினிக்கு மட்டும் தெரியவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பல்ஸ் தவறாகக் கணக்கிடவில்லை. அது செய்வது இதுதான்: தான் வரையக்கூடிய முகங்களுள், சிறிதாக்கினால் கொடுக்கப்பட்ட சிறு படத்தோடு ஒத்துப்போகும் ஒரு முகத்தைத் தேடி எடுக்கிறது. அந்த வெள்ளைக்காரரின் முகத்தை மீண்டும் பதினாறுக்குப் பதினாறாகச் சிறிதாக்கினால், ஒபாமாவின் சிறு படத்தை ஒட்டிய ஒன்றே கிடைக்கும். 256 புள்ளிகளிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை உண்டாக்கும்போது, மூலத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 4,096 புதிய புள்ளிகள் வரையப்படுகின்றன. ஒரே சிறு படத்துக்குப் பொருந்தும் பெரிய முகங்கள் எண்ணிலடங்கா. அவற்றுள் எது உண்மை என்று சொல்லும் செய்தி அந்தச் சிறு படத்தில் இல்லை. இல்லாத செய்தியை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்; கணினி தான் பயின்ற முகங்களிலிருந்து கொண்டுவருகிறது.

அம்முகங்கள் யாருடையவை? இத்துறையில் பெரிதும் பயன்படும் பயிற்சித் தொகுப்பில் 70,000 முகப்படங்கள் உள்ளன. என்விடியா நிறுவன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட அத்தொகுப்பு, ஃபிளிக்கர் என்னும் படப்பகிர்வுத் தளத்திலிருந்து திரட்டப்பட்டது. அத்தளத்தில் படம் ஏற்றுவோரின் சாய்வுகள் அப்படியே தொகுப்பிலும் படிந்துள்ளன என்பதை அதை உருவாக்கியவர்களே குறிப்பிட்டுள்ளனர். நல்ல ஒளிப்படக் கருவியும் இணையமும் உடையவர்களின் அண்மைக்கால முகங்கள் அவை. நண்பகல் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புன்னகை இல்லாமல், நெற்றியில் நீறு துலங்க நின்ற தோட்டத் தொழிலாளியின் முகம் அங்கே அரிது. அரிதான ஒன்றைக் கணினி தனக்குப் பழகிய ஒன்றின் பக்கமாகவே இழுக்கும்.

எழுத்துப் பெட்டியும் அச்சுக்கோப்பாளரும்

இன்று பரவலாக வழங்குவன பல்ஸைவிட முன்னேறிய முறைகள். சீனாவின் டென்சென்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட 'ஜி.எஃப்.பி.கேன்' ஒன்று. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2022இல் வெளிவந்த 'கோட்ஃபார்மர்' மற்றொன்று. நம் கைப்பேசியில் உள்ள செயலி எந்தப் பெயரில் வந்தாலும், உள்ளே இயங்குவது இவற்றை ஒத்த ஒன்றாகவே இருக்கக்கூடும்.

கோட்ஃபார்மரின் வழியைத் தமிழ் அச்சுக்கூடத்தை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பயிற்சியின்போது அது தெளிவான முகங்களிலிருந்து 1,024 உறுப்புகள் கொண்ட ஓர் 'எழுத்துப் பெட்டி'யைத் தயாரித்துக்கொள்கிறது. ஒவ்வோர் உறுப்பும் முகத்தின் ஒரு சிறு பகுதிக்கான குறியீடு: இமையின் ஒரு விளிம்பு, மூக்கின் ஒரு சரிவு, உதட்டின் ஒரு மூலை என்று வைத்துக்கொள்ளலாம். மங்கலான முகம் ஒன்று வந்தால், அதைப் பதினாறுக்குப் பதினாறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பெட்டியில் உள்ள எந்த எழுத்து பொருந்தும் என்று முகம் முழுவதையும் கருதி ஊகிக்கிறது. பிறகு அந்த 256 எழுத்துகளையும் கோத்து முகத்தை அச்சிடுகிறது.

அச்சுக்கோப்பாளரிடம் ழகர எழுத்து இல்லாவிட்டால் என்ன செய்வார்? அருகில் உள்ள ளகரத்தை இடுவார். வரி நேர்த்தியாக அச்சாகும். எழுத்து எதுவும் சிதைந்திருக்காது. ஆனால் சொல் மாறியிருக்கும். முகத்திலும் அதுவே நிகழ்கிறது. எழுத்தெல்லாம் தெளிவாக இருப்பதால் சொல் மாறியது கண்ணில் படுவதில்லை. சிதைந்த அச்சைக் கண்டால் ஐயம் எழும். தெளிந்த அச்சைக் கண்டால் எழாது. மிகையான கூர்மையின் தீங்கு இங்கேதான் இருக்கிறது.

கூர்மை மிகுவதற்கும் காரணம் உண்டு. இவற்றைப் பயிற்றும்போது, வரைகின்ற கணினியோடு மதிப்பிடுகின்ற கணினி ஒன்றையும் இணைத்திருப்பர். மதிப்பிடுவதன் வேலை, 'இது உண்மையான ஒளிப்படமா, வரைந்ததா?' என்று கண்டுபிடிப்பது. மங்கலாக வரைந்தால் உடனே பிடிபடும். எனவே வரைவது, தோல் துளை, இமைமயிர், கருவிழியில் மின்னும் ஒளிப்புள்ளி ஆகியவற்றை, மூலத்தில் அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், துணிந்து வரையக் கற்றுக்கொள்கிறது. ஆளை மாற்றாமல் இருப்பதற்கும் பயிற்சியில் இடமளிக்கிறார்கள், ஜி.எஃப்.பி.கேனைப் பயிற்றியபோது, முகத்தை அடையாளம் காணும் வேறொரு கணினிமுறையின் தீர்ப்பும் கணக்கில் சேர்க்கப்பட்டது. ஆயினும் அதன் 1.3ஆம் பதிப்பைப் பற்றி உருவாக்கியவர்கள் தாங்களே எழுதிய விளக்கத்தில், அது ஆளின் அடையாளத்தைச் சிறிது மாற்றும் என்பதைக் குறையாகப் பட்டியலிட்டுள்ளனர். முந்தைய 1.2ஆம் பதிப்பு கூடுதல் கூர்மையோடு முகத்துக்கு ஒப்பனையும் இட்டுவிடும் என்று அதே இடத்தில் உள்ளது. செயலியை விற்பவர்கள் இந்த வரிகளை நம்மிடம் சொல்வதில்லை.

நம்மவர் முகங்களில் இம்மாற்றம் எங்கெங்கே வெளிப்படும் என்பதைத் தனியே சொல்ல வேண்டும். இம்முறைகளைப் பயிற்றும்போது, தெளிவான முகத்தைச் செயற்கையாக மங்கச்செய்து, புள்ளியும் கறையும் சேர்த்து, அவற்றை நீக்கக் கற்பிக்கிறார்கள். எனவே முகத்தின் மேல் உள்ள பொருத்தமற்ற சிறு புள்ளியும் கோடும் கறை என்றே அதற்குப் படும். குங்குமப் பொட்டு மங்கலாம், அல்லது முற்றிலும் மறையலாம். திருநீற்றின் மூன்று கோடுகள் நெற்றிச் சுருக்கமாக மாறலாம். மூக்குத்தி ஓர் ஒளித்துளியாகக் கரையும். அம்மைத் தழும்பு வழுவழுப்பாகும். வெற்றிலைக்காவி ஏறிய உதட்டுக்குச் சாயம் பூசியது போன்ற விளிம்பு வரும். வெயிலில் சுருங்கிய கண்கள் அகலத் திறக்கும். தோல் நிறம் வெளிறும். வயது பத்தாண்டு குறையும். ஒருவரை அவர் உறவினர் அடையாளம் காண்பது பெரும்பாலும் இவற்றால்தான். பாட்டி தன் தகப்பனைப் பற்றிப் பேசும்போது மூக்கின் நீளத்தைச் சொல்லமாட்டார். கன்னத்துத் தழும்பைச் சொல்வார்.

ஒரு படத்தின் கணக்கு

எவ்வளவு மங்கலான முகத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை ஒரே அளவால் ஓரளவு முடிவுசெய்யலாம். இரு கண்மணிகளுக்கும் இடையே எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்பதே அவ்வளவு. ஜி.எஃப்.பி.கேனும் கோட்ஃபார்மரும் முகத்தைக் கண்டதும் அதை வெட்டி, நிமிர்த்தி, 512க்கு 512 புள்ளி கொண்ட சட்டத்தில் பொருத்துகின்றன. அச்சட்டத்தில் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 126 புள்ளிகள் இருக்கும்படி பெரிதாக்குகின்றன. ஆகவே 126ஐ நம் படத்தில் உள்ள கண் இடைவெளியால் வகுத்தால், முகம் எத்தனை மடங்கு ஊதப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

ஆறு அங்குல அகலமுள்ள ஒரு குழுப்படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் பன்னிருவர் நெருங்கி நிற்கின்றனர். ஒருவருக்கு அரை அங்குலம். தோள் அகலம் சுமார் 45 சென்டிமீட்டர், கண் இடைவெளி சுமார் 6.2 சென்டிமீட்டர் என்று கொண்டால், தாளின்மேல் அந்தக் கண் இடைவெளி ஏறக்குறைய ஒன்றே முக்கால் மில்லிமீட்டர். இந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துப் புலனத்தில் வழக்கமான முறையில் அனுப்பினால், நீண்ட பக்கம் சுமார் 1,600 புள்ளிகளாகச் சுருங்கிவிடும். அப்போது கண் இடைவெளி 18 புள்ளி. படத்தோடு சுவரும் சட்டமும் சேர்ந்து எடுக்கப்பட்டிருந்தால் 10 புள்ளிக்கும் குறையலாம். 18 என்றால் முகம் ஏழு மடங்கு ஊதப்படுகிறது. மூலத்தின் ஒரு புள்ளிக்கு 49 புள்ளிகள் வரையப்படுகின்றன. 10 என்றால் ஒன்றுக்கு ஏறத்தாழ 160. இவ்வளவு சிறிய முகத்தையும் அக்கருவிகள் மறுப்பதில்லை. கண் இடைவெளி 5 புள்ளிக்குக் கீழே போனால் மட்டுமே விட்டுவிடும்படி அவற்றின் நிரலில் எழுதப்பட்டுள்ளது. ஐந்து புள்ளி என்பது இருபத்தைந்து மடங்கு. அங்கே வருவது முழுக்க ஓவியம்.

அதே தாளை வருடியில் அங்குலத்திற்கு 600 புள்ளி என்னும் அளவில் வருடினால் கண் இடைவெளி 41 புள்ளி ஆகும். 1,200 புள்ளியில் வருடினால் 83. மூன்று மடங்கிலும் ஒன்றரை மடங்கிலும் வந்து நின்றுவிடுகிறது. ஆகவே முகத்தைக் காக்கும் முதல் வேலை கணினிமுறையைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது: புலனத்தில் வந்த நகலை விட்டு, தாளைத் தேடிப் போக வேண்டும். பழைய படங்களில் தாளே அவ்வளவு நுட்பத்தைத் தாங்காததும் உண்டு. 600இலும் 1,200இலும் வருடி, கண்ணின் ஓரத்தை அருகருகே வைத்துப் பார்த்தால், புதிதாக ஏதும் தெரிகிறதா, அதே மங்கல் பெரிதாகியிருக்கிறதா என்பது புலப்படும். விழா மலரில் அச்சான படமாயின் நிலைமை வேறு. அதன் அச்சுப் புள்ளிகளைக் கணினி தோலின் சொரசொரப்பாக எடுத்துக்கொள்ளும். அதை முகமீட்புக்கு உட்படுத்தாமல் இருப்பதே மேல்.

எங்கள் அனுபவத்தில் எல்லைகளை இப்படி வைத்துக்கொள்கிறோம். கண் இடைவெளி 60 புள்ளிக்கு மேல் இருந்தால் முகத்தை முறை எதற்கும் கொடுப்பதில்லை. கீறலை நீக்கி, ஒளியைச் சமன்செய்தாலே போதும். 30க்கும் 60க்கும் இடையே இருந்தால் அடக்கமாகப் பயன்படுத்துகிறோம். 20க்குக் கீழே போனால் தொடுவதில்லை. இடைப்பட்டவற்றில் தயங்குகிறோம். இவை அறிவியல் விதிகள் அல்ல. வேறொருவர் வேறு எல்லை வைக்கலாம். ஆனால் எல்லை ஒன்று இருக்க வேண்டும், அதை முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். அழகான முகம் ஒன்று திரையில் வந்த பிறகு அதை வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை.

அடக்கி ஆளும் வழி

கோட்ஃபார்மரில் இதற்கென்றே ஓர் எடை வைத்துள்ளனர். 0 முதல் 1 வரை மாற்றலாம். 0 என்றால் எழுத்துப் பெட்டியிலிருந்தே முழுவதும் அச்சிடும்; முகம் மிகத் தெளிவாகவும் மூலத்திலிருந்து மிக விலகியும் இருக்கும். 1 என்றால் மங்கலான மூலத்தின் வடிவச் செய்தியையும் இயன்றவரை கலந்துகொள்ளும். தெளிவு குறையும், ஆள் மாறுவதும் குறையும். எதுவும் சொல்லாவிட்டால் 0.5 என்று எடுத்துக்கொள்ளும். பல செயலிகளில் இந்த எடை கண்ணுக்கே தெரிவதில்லை. கணினியில் நாமே இயக்கினால் இவ்வாறு இடலாம்:

```
python inference_codeformer.py -w 0.9 --input_path inputs/kuzhu
```

ஒரே எடையில் ஒருமுறை இயக்கி மனநிறைவு அடைவது தவறு. 0.3, 0.6, 0.9 என்று மூன்று முறை இயக்கி, மூன்று முகங்களையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் மாறாமல் நிற்பது மூலத்திலிருந்து வந்திருக்க வாய்ப்புண்டு. எடைக்கேற்ப நகர்வது (இமை மடிப்பு, மூக்கு நுனி, மீசையின் விளிம்பு, பெரும்பாலும் வாயின் மூலை) கணினி இட்டு நிரப்பியது. மூலப்படத்தைச் சற்றே சிறிதாக்கியோ, இரண்டு புள்ளி நகர்த்தி வெட்டியோ மீண்டும் கொடுத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை. அவ்வளவு சிறிய மாற்றத்துக்கு முகம் மாறினால், அந்த முகத்துக்கு வேர் இல்லை என்று பொருள். இரண்டு வெவ்வேறு முறைகள் ஒரே முகத்தைத் தந்தால் மட்டும் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டும் அதே 70,000 முகங்களில் பயின்றிருந்தால், ஒரே பக்கம் சேர்ந்தே சாயும்.

எடை 1 என்று வைத்தாலும் முகம் கணினியின் கை வழியாகவே வெளிவருகிறது என்பதை மறக்கலாகாது. ஆகவே மூலத்தை மீண்டும் கலந்துவிடுவது நாம் செய்யக்கூடிய இரண்டாவது கட்டுப்பாடு. இம்முறைகள் வேலை முடிந்ததும் `cropped_faces` என்ற கோப்புறையில் பெரிதாக்கிய மூல முகத்தையும், `restored_faces` என்ற கோப்புறையில் வரைந்த முகத்தையும் ஒரே அளவில் இட்டுவைக்கின்றன. மூலத்துக்குத் தெரிந்தவை பெரிய வடிவங்கள்: நிழல் எங்கே விழுகிறது, தாடை எவ்வளவு அகலம், கண் எவ்வளவு திறந்திருக்கிறது, தோல் எவ்வளவு கருமை. அவற்றை மூலத்திலிருந்தே எடுத்துக்கொண்டு, அதைவிட நுண்ணியவற்றை மட்டும் வரைந்த முகத்திலிருந்து, அதுவும் பாதி அளவில், சேர்க்கலாம்.

```python
import cv2
d = 41                      # கண் இடைவெளி, புள்ளியில்
s = 63 / d
a = cv2.imread("cropped_faces/p_00.png").astype("float32")
b = cv2.imread("restored_faces/p_00.png").astype("float32")
fine = b - cv2.GaussianBlur(b, (0, 0), s)
out = cv2.GaussianBlur(a, (0, 0), s) + 0.5 * fine
cv2.imwrite("kalavai.png", out.clip(0, 255).astype("uint8"))
```

இங்கே `s` என்பது, முகம் ஊதப்பட்ட மடங்கில் பாதி. முகம் எவ்வளவு மிகுதியாக ஊதப்பட்டதோ, மூலம் அறிந்த வடிவங்களும் அந்த அளவுக்குப் பெரியவை. எல்லைக்கோடும் அதற்கேற்ப நகர்கிறது. வெளிவரும் படம் செயலி தந்த படத்தைப்போல மின்னாது. கருவிழியின் போலி ஒளிப்புள்ளி மங்கும்; தோல் தன் பழைய நிறத்துக்குத் திரும்பும்; பொட்டு பெரிதாக இருந்திருந்தால் அதுவும் திரும்பிவிடும். முன்பே 'மீட்ட' படத்தைப் பார்த்துவிட்ட குடும்பத்தினர் இதைக் கண்டு சற்று ஏமாற்றம் அடைவது இயல்பு. அந்த ஏமாற்றத்தின் பெரும்பகுதி, இல்லாத செய்தி இல்லை என்று தெரிந்துகொள்வதால் வருவது.

ஜி.எஃப்.பி.கேனின் கட்டளையிலும் எடை என்றொரு வாய்ப்பு உண்டு. அதை நம்பும் முன் 0 என்றும் 1 என்றும் இட்டு இயக்கி, இரு விளைவுகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், நாம் பயன்படுத்தும் பதிப்பில் அந்த எடை எதையும் ஆளவில்லை; மேலே சொன்ன கலவையை மட்டுமே நம்பலாம்.

ஆள் அவர்தானா என்று அறிவது

செய்த பிறகு சோதிப்பது எப்படி? எளிய சோதனை, வரைந்த முகத்தை மூலத்தின் அளவுக்கே திரும்பச் சிறிதாக்கி, மூலத்தின் அருகே வைப்பது. இரண்டும் பொருந்தாவிட்டால் கணினி மூலத்தையே மீறியிருக்கிறது. அப்படத்தைத் தயங்காமல் தள்ளிவிடலாம். பொருந்தினால் மட்டும் தேறிவிட்டதாகக் கொள்ள முடியாது. ஒபாமாவை வேறொருவராக்கிய பல்ஸும் இச்சோதனையைக் கடந்துவிடும். கழிப்பதற்கு மட்டுமே இது உதவும்.

முகங்களை அடையாளம் காணும் கணினிமுறையைக் கொண்டு, இரு முகங்களின் ஒற்றுமையை எண்ணாகப் பெறுவோரும் உள்ளனர். வரைகின்ற முறையைப் பயிற்றியபோதே அத்தகைய முறையின் தீர்ப்பைப் பயன்படுத்தியிருப்பதால், தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தியது போலாகும் ஆபத்து அதில் இருக்கிறது. மங்கலான மூலத்தோடு ஒப்பிட்டால் எண்ணும் தடுமாறும். அதே ஆளின் வேறொரு தெளிவான படம், பின்னாளில் எடுத்த அடையாள அட்டைப் படமோ மகளின் திருமணப் படமோ இருந்தால், அதனோடு ஒப்பிடும்போது அந்த எண்ணுக்குச் சிறிது மதிப்பு உண்டு.

வேறு படம் இல்லாதபோது, அந்த ஆளை நேரில் கண்ட முதியவர் ஒருவர் இருந்தால், அவரே நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்று. ஆனால் கேட்கும் முறை முக்கியம். 'இது உங்கள் அப்பா, பாருங்கள்' என்று நீட்டினால் அவர் ஆமாம் என்றுதான் சொல்வார்; கண்ணும் கலங்கும். அன்பு ஐயத்தை வெல்லும். மாறாக, அதே குழுப்படத்திலிருந்து ஒரே முறையில் வரைந்த ஐந்தாறு ஆண்களின் முகங்களைப் பெயர் சொல்லாமல் பரப்பி, 'இவர்களுள் யாரையாவது தெரிகிறதா, பாட்டி?' என்று கேட்க வேண்டும். அதற்கும் முன்பாக, மூலப்படத்தைக் காட்டி, அவர் நினைவிலிருந்து சொல்வதையெல்லாம், தழும்பு, கடுக்கன், வகிடு எடுத்த பக்கம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வரிசையை மாற்றலாகாது. புதிய முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அது பழைய நினைவின்மேல் படிந்துவிடும். பிறகு எழுதுவது எந்த முகத்தைப் பற்றியது என்று அவருக்கே பிரித்துச் சொல்ல இயலாது. தோட்ட வாழ்க்கையை நேரில் கண்டவர் ஆண்டுக்காண்டு குறைந்துவரும் இக்காலத்தில், மாணவர்களின் வாய்மொழி வரலாற்றுப் பணிக்குச் செல்லும் ஆசிரியர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று கருதுகிறோம்.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், செல் அரித்த இடங்களில் சீர் பொருந்தும் சொல்லை எளிதில் இட்டு நிரப்பியிருக்கலாம். அவருக்கு அந்தப் புலமை இருந்தது. 1894இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில், கிடைக்காத பகுதிகளைப் புள்ளியிட்டே காட்டினார். பிற்காலத்தில் வேறு ஏடு கிடைத்தால் எங்கே பொருத்துவது என்று அதனால் தெரியும். ஒளிப்படத்தில் புள்ளியிடும் வழக்கம் இன்னும் தோன்றவில்லை. கணினி வரைந்த பகுதி எது, ஒளி பதித்த பகுதி எது என்று பார்ப்பவருக்குச் சொல்லும் குறி எதுவும் அந்தச் சட்டமிட்ட படத்தில் இல்லை. அக்குறியை நாம்தான் இட வேண்டும்.

பள்ளியிலோ வீட்டிலோ இவ்வாறு செய்யலாம். வருடிய மூலக் கோப்பை மாற்றாமல் தனியே வைக்க வேண்டும். வரைந்த கோப்பின் பெயரிலேயே முறையின் பெயர், பதிப்பு, எடை ஆகியவை இருக்க வேண்டும். வரைந்த கோப்பை மூலமாகக் கொண்டு மறுபடியும் வரையக் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் முகம் தொகுப்பின் பொதுமுகத்தை நோக்கி மேலும் ஒரு படி நகரும். குடியுரிமை விண்ணப்பத்துக்கோ வேறு அலுவல் தேவைக்கோ வரைந்த முகத்தை ஒருபோதும் இணைக்கக் கூடாது. அங்கே மங்கலான மூலமே சான்று. அச்சிட்டுச் சுவரில் மாட்டுவதாயின் மூலத்தையும் அதே சட்டத்தில் அருகே வைத்து, கீழே ஒரு வரி எழுதலாம்: 'இடப்பக்கம் தோட்டத்தில் எடுத்த படம், கண் இடைவெளி 41 புள்ளி. வலப்பக்கம் அதைக்கொண்டு கணினி வரைந்த முகம். தோலும் இமையும் ஊகம்.'